பேலன்ஸ் 50,000 ரூபாய்: ஒரு கல்யாண ஆல்பமும் இரண்டு நினைவூட்டல்களும்

2022 ஆம் ஆண்டு வைகாசியில் மன்னார்குடியில் நான் படம் எடுத்துக் கொடுத்த ஒரு திருமணத்தின் பாக்கித் தொகை, ஆல்பம் கைமாறி மூன்று மாதம் ஆன பிறகுதான் முழுமையாக என் கணக்கில் வந்து சேர்ந்தது. அந்த மூன்று மாதத்தில் நான் இரண்டு நினைவூட்டல்கள் அனுப்பினேன். முதலாவது காரியத்தைக் கெடுத்தது. இரண்டாவது அதைச் சரிசெய்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், பதினைந்து ஆண்டுகளாகக் கும்பகோணத்தில் ஸ்டுடியோ நடத்தும் நான் பாக்கி கேட்கும் முறையை அதுவரை கற்றுக்கொள்ளவே இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. இதே தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கும், கல்யாணம் முடித்துவிட்டு ஆல்பத்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று நினைத்து அதை விவரமாக எழுதுகிறேன்.

பேக்கேஜ் இப்படி இருந்தது. முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். டிரெடிஷனல் போட்டோ ஒருவர், டிரெடிஷனல் வீடியோ ஒருவர், கேண்டிட் போட்டோ ஒருவர், கேண்டிட் வீடியோ ஒருவர். பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அளவில் தலா 40 ஷீட் கொண்ட இரண்டு ஆல்பங்கள், பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று. இவற்றோடு ஹைலைட்ஸ் வீடியோவும் முழு வீடியோவும் எல்லாப் படங்களும் அடங்கிய பெண்டிரைவும். மொத்தம் 1,60,000 ரூபாய். முன்பதிவின்போது 30,000, முகூர்த்தத்தன்று 80,000, ஆல்பம் ஒப்படைக்கும்போது மீதி 50,000. இவை ஒரு பக்கத் தாளில் அச்சாகியிருந்தன. கீழே பெண்ணின் தகப்பனார் கையெழுத்திட்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் செலவில் பாதியை ஏற்றுக்கொள்வதாக அவர்களுக்குள் பேச்சு இருந்தது என்பதை நான் பிறகுதான் அறிந்தேன்.

கல்யாணத்தன்று வாங்கும் பணம் ஸ்டுடியோக்காரரிடம் தங்குவதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கேண்டிட் எடுப்பவரும் வீடியோ எடுப்பவரும் பெரும்பாலும் நாள் சம்பளத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்கு அந்த வாரமே கொடுத்தாக வேண்டும். பிறகு எடிட்டருக்கு, டிசைனருக்கு, கடைசியாக அச்சடித்து பைண்டிங் செய்து தரும் லேபுக்கு என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். இந்த ஆல்பங்களுக்கு லேபுக்கு மட்டும் 22,000 ரூபாய்க்கு மேல் ஆனது. ஆகவே மீதி என்று நாம் எழுதுகிற அந்தக் கடைசித் தொகைதான் ஏறக்குறைய ஸ்டுடியோவின் கூலி. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாதபோது கடை வாடகை அதிலிருந்துதான் போகிறது.

செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை, இரண்டு ஆல்பங்களையும் திருவாரூரில் மாப்பிள்ளை வீட்டிலேயே கொடுத்தேன். பெண் அங்கே இருந்தது. பெண்ணின் தகப்பனார் அன்று வர முடியவில்லை. “தம்பி, ரெண்டையும் அங்கேயே குடுத்துடுங்க, நான் போகும்போது எங்களோடதை எடுத்துக்கிறேன்” என்று தொலைபேசியில் சொன்னார். அவர் சொன்னபடியே செய்தேன். பணம் அங்கே கேட்க முடியவில்லை. சம்பந்தி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, பெண் வீட்டார் தர வேண்டிய பாக்கியைப் பற்றி வாய் திறப்பது எந்த விதத்திலும் முறையல்ல. ஆல்பத்தை விரித்து மடியில் வைத்து மாப்பிள்ளையின் பாட்டி ஒவ்வொரு ஷீட்டாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. அன்று இரவு அந்தப் பெண், “ஆல்பம் ரொம்ப நல்லா வந்திருக்கு அண்ணா, ரெண்டும் பத்திரமா இருக்கு” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தது. ஒப்படைத்ததற்கு என்னிடம் இருந்த ஒரே எழுத்துச் சான்று அதுதான்.

இரண்டு வாரம் பொறுத்துவிட்டு, செப்டம்பர் 20 அன்று தகப்பனாருக்கு நான் அனுப்பிய முதல் செய்தி இது: “வணக்கம் ஐயா. ஆல்பம் கொடுத்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. பாக்கி 60,000 ரூபாய் வர வேண்டியுள்ளது. லேபுக்குப் பணம் கட்ட வேண்டிய நெருக்கடியில் இருக்கிறேன். தயவுசெய்து விரைவில் அனுப்பி உதவவும்.”

அவரிடமிருந்து அரை மணி நேரத்தில் பதில் வந்தது. “பேசுனது அம்பதுதானே தம்பி, அறுபது எப்படி வந்துச்சு? ஆல்பம் சம்பந்தி வீட்டுல இருக்கு, நான் இன்னும் கண்ணால பார்க்கலை. பார்த்துட்டுப் பேசுவோம்.” அதன்பின் ஒரு மாதம் எதுவும் இல்லை.

அந்த நான்கு வரிச் செய்தியில் நான் செய்த பிழைகளைப் பிறகு நிதானமாகப் பார்த்தேன். “உதவவும்” என்ற ஒரு சொல், வேலை முடித்ததற்கான கூலியை அவர் மனமிரங்கிச் செய்யும் உபகாரமாக மாற்றிவிட்டது. லேபுக்கு நான் கட்ட வேண்டிய பணம் என் கவலை. அதை அவரிடம் சொன்னது, அவர் தர வேண்டியதற்குக் காரணம் என் நெருக்கடிதான் என்பதுபோல் ஆக்கிவிட்டது. பேக்கேஜ் தாளை நான் குறிப்பிடவே இல்லை. ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை அந்த 60,000 என்ற எண்தான்.

அதில் 50,000 கையெழுத்தான தொகை. அதில் அவருக்கும் எனக்கும் எந்த வேறுபாடும் இல்லை. மீதி 10,000 வேறு வகை. 200 படங்களைத் தேர்ந்தெடுத்துத் தரும்படி கேட்டிருந்தேன். அவர்கள் 230 தேர்ந்தெடுத்தார்கள். ஒரு ஷீட்டில் சராசரியாக ஐந்து படம் என்ற கணக்கில் 40 ஷீட் 46 ஆனது. “கூடுதல் ஷீட் ஒன்றுக்கு ரூ. 500” என்று பேக்கேஜில் இருந்ததால், இரண்டு ஆல்பத்துக்கும் சேர்த்துப் பன்னிரண்டு ஷீட்டுக்கு 6,000 போட்டேன். வரவேற்புக்கு முன்பு காலையில் பெண் வீட்டில் நலங்கு வைத்தார்கள். அதற்கும் வந்து எடுக்கச் சொன்னார்கள். பேக்கேஜில் அது இல்லை. ஒருவரை அனுப்பி எடுத்துக் கொடுத்ததற்கு 4,000 சேர்த்தேன். இந்தக் கூடுதல் தொகைகளை எந்த விளக்கமும் இல்லாமல், உறுதியான ஐம்பதாயிரத்தோடு கலந்து ஒரே எண்ணாக அனுப்பியதால், பத்தாயிரத்தின் மேல் எழுந்த சந்தேகம் ஐம்பதாயிரத்தையும் சேர்த்து நிறுத்திவிட்டது. அவர் ஏமாற்ற நினைத்தவர் அல்லர். தன்னிடம் கேட்காமல் தொகை கூடிவிட்டது என்று நினைப்பவர், கணக்கு தெளிவாகும்வரை ஒரு ரூபாயும் எடுத்து வைக்க மாட்டார்; எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் இது மிக இயல்பான நடத்தை. பாக்கி வராமல் நின்றுபோன என் பழைய கணக்குகளைப் புரட்டிப் பார்த்தபோது, அவற்றில் பாதிக்கு மேல் இதே வகையாகத்தான் இருந்தன.

ஆகவே இரண்டாவது நினைவூட்டலை எழுதும் முன் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு தொகைக்கும் என்னிடம் எழுத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். ஐம்பதாயிரத்துக்குக் கையெழுத்து இருந்தது. கூடுதல் ஷீட்டுக்குப் பேக்கேஜ் வரி இருந்தது, டிசைனை அனுப்பி, “46 ஷீட் வருகிறது, அச்சுக்குக் கொடுக்கலாமா?” என்று நான் கேட்டதற்கு “சரி தம்பி, குடுத்துடுங்க” என்று ஆகஸ்டில் அவர் அனுப்பிய பதிலும் இருந்தது. நலங்குக்கு எதுவுமே இல்லை. போனில் அழைத்தார்கள், ஆள் போனான், படம் எடுத்தான். கூலி என்ன என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாத தொகையைக் கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்துச் சொல்வது நியாயமாகாது என்று எனக்குத் தோன்றியதால் அதை விட்டுவிட்டேன்.

ஷீட் கணக்கிலும் ஒரு சிக்கல் இருந்தது. “கூடுதல் ஷீட் ஒன்றுக்கு ரூ. 500” என்ற வரியை அவருடைய இடத்திலிருந்து படித்துப் பார்த்தேன். இரண்டு ஆல்பமும் ஒரே டிசைன்தான். ஆறு ஷீட் கூடியது என்றால் 3,000 என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அச்சு இரண்டு முறை நடக்கிறது, ஆகவே பன்னிரண்டு என்பது எனக்குத் தெரியும். அந்த வரியில் அது இல்லை. எழுதியவன் நான். தெளிவில்லாமல் எழுதியதன் நட்டம் எழுதியவனைத்தான் சேர வேண்டும் என்று முடிவு செய்து 3,000 மட்டும் கேட்டேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே கடிதம் தயாராகிவிட்டது. ஆனால் தலைதீபாவளிக்கு மகளும் மருமகனும் வரும் வீட்டுக்கு அந்த வாரத்தில் பாக்கிக் கடிதம் போகக் கூடாது என்று நிறுத்திவைத்து, அக்டோபர் 31 அன்று அனுப்பினேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு நகல் அனுப்பவில்லை. அந்தப் பெண்ணின் வாட்ஸ்அப் செய்தியையும் சான்றாக இணைக்கவில்லை. கையெழுத்திட்டவர் தகப்பனார், பாதிப் பணம் சம்பந்தி தர வேண்டுமா இல்லையா என்பது அவர்கள் இருவருக்கும் இடையிலான விஷயம். அந்தப் பெண்ணின் வாழ்த்தை அதன் தகப்பனாருக்கு எதிரான சாட்சியாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை, தேவையும் ஏற்படவில்லை. கடிதம் இது:

“மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மகளின் திருமணப் படப்பதிவு தொடர்பாகத் தாங்கள் கையெழுத்திட்ட பேக்கேஜ் தாளின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். அதன்படி மொத்தத் தொகை ரூ. 1,60,000. முன்பதிவின்போது ரூ. 30,000, முகூர்த்தத்தன்று ரூ. 80,000, ஆக ரூ. 1,10,000 தங்களிடமிருந்து பெற்றுக்கொண்டேன். ஆல்பம் ஒப்படைக்கும்போது தர வேண்டியதாகத் தாளில் உள்ள மீதி ரூ. 50,000.

இரண்டு ஆல்பங்களும் பெண்டிரைவும், தாங்கள் தொலைபேசியில் கூறியபடி, செப்டம்பர் 4 அன்று திருவாரூரில் தங்கள் சம்பந்தி இல்லத்தில் ஒப்படைக்கப்பட்டன.

ஆல்பம் 40 ஷீட்டிலிருந்து 46 ஷீட்டாகக் கூடியதற்குத் தாங்கள் ஆகஸ்டில் ஒப்புதல் அளித்திருந்தீர்கள். ஆறு ஷீட்டுக்குப் பேக்கேஜ் விகிதப்படி ரூ. 3,000. இதைப் பற்றித் தங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் தெரிவியுங்கள், தனியாகப் பேசிக்கொள்ளலாம். அதற்காக மேற்கண்ட ரூ. 50,000 காத்திருக்க வேண்டியதில்லை என்று கருதுகிறேன்.

செப்டம்பர் 20 அன்று நான் ரூ. 60,000 என்று குறிப்பிட்டது சரியல்ல. நலங்குக்காக அதில் சேர்த்திருந்த ரூ. 4,000 பற்றி முன்கூட்டித் தங்களிடம் பேசவில்லை, அதை நீக்கிவிட்டேன். ஷீட் கணக்கையும் மேற்கண்டவாறு திருத்தியுள்ளேன்.

ஆல்பத்தைத் தாங்கள் பார்த்த பிறகு அச்சிலோ பைண்டிங்கிலோ குறை ஏதும் இருந்தால், எந்த ஷீட் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். என் தரப்புப் பிழையாக இருந்தால் என் செலவில் சரிசெய்து தருவேன்.

மீதித் தொகையை நவம்பர் 15 ஆம் தேதிக்குள் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரே தவணையில் இயலாவிட்டால், தங்களுக்கு இசைவான தேதிகளை எழுதித் தெரிவியுங்கள்.”

கீழே வங்கிக் கணக்கு எண்ணும் யுபிஐ எண்ணும் இருந்தன. இதைத் தாளில் அச்சடித்துக் கையெழுத்திட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அதே தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன்.

கடிதத்தில் நான் எழுதாமல் விட்டவற்றுக்கும் காரணம் உண்டு. வட்டி கேட்கவில்லை, ஏனெனில் பேக்கேஜில் வட்டி பற்றி ஒரு வரியும் இல்லை. பணம் வராவிட்டால் படங்களை அழித்துவிடுவேன் என்றோ, முழு வீடியோவைத் தரமாட்டேன் என்றோ எழுதவில்லை. எங்கள் தொழிலில் கோபத்தில் பலரும் இதைச் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17 ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் தந்து எடுக்கப்படும் நிழற்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவர்தான். என் பேக்கேஜில் வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஆகவே படங்களுக்கு நான்தான் சொந்தக்காரன் என்ற தோரணையில் மிரட்டுவது, அவர் தர வேண்டிய பணத்தை விட்டுவிட்டு நான் செய்த தவற்றைப் பற்றிப் பேசும் நிலைக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும்.

தவணையாக இருந்தாலும் எழுதித் தெரிவிக்கும்படி கேட்டதற்கும் ஒரு காரணம் இருந்தது. செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்குத் தொடர 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் பொதுவாக மூன்று ஆண்டு தருகிறது. அந்தக் காலம் முடிவதற்குள் தர வேண்டியவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். கல்யாண வீட்டின்மேல் வழக்குப் போட வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனால் “அடுத்த மாசம் பார்ப்போம்” என்ற வாய்ச்சொல்லிலேயே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன; தேதியோடு எழுதப்பட்ட ஒரு வரி இருந்தால் இரு தரப்புக்கும் மறதிக்கு இடமில்லை.

நான்கு நாள் கழித்து அவரே அழைத்தார். குரலில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. “நலங்குக் காசை நீங்க எடுத்துட்டீங்க, அது எனக்குச் சங்கடமா இருக்கு தம்பி. முதல்லயே சொல்லியிருந்தா குடுத்திருப்பேன்” என்றார். இடையில் ஆல்பத்தைப் பார்த்துவிட்டிருந்தார். அவருக்கு ஒரே ஒரு குறை: மேடையில் அவருடைய அண்ணன் குடும்பம் நின்று எடுத்துக்கொண்ட படம் ஆல்பத்தில் இல்லை. பெரியவர் அதைக் கேட்டுவிட்டார். அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

அவர்கள் அனுப்பிய தேர்வுப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 230 எண்களில் அந்தப் படத்தின் எண் இல்லை. தேர்ந்தெடுத்தவர்கள் பெண்ணும் மாப்பிள்ளையும், அவர்களுக்குத் தெரிந்த முகங்கள் வேறு. பிழை என்னுடையது அன்று. ஆனாலும் பட்டியலை அவர் முன் நீட்டி வாதிடுவதால் அந்த அண்ணன் தம்பிக்கு நடுவே வந்த மனக்குறை தீரப்போவதில்லை. ஷீட்டுகளை முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய ஆல்பத்தில் நடுவே ஒன்றைச் செருக முடியாது. செருக வேண்டுமென்றால் முழுவதையும் பிரித்து மறுபடி பைண்டிங் செய்ய வேண்டும், அப்போது ஓரங்கள் கெட்டுவிடும். இதை அவரிடம் விளக்கிச் சொல்லி, அந்தப் படத்தைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அளவில் தனியாக அச்சடித்துச் சட்டம் போட்டுத் தருகிறேன், அண்ணன் வீட்டுச் சுவரிலேயே மாட்டிவிடலாம் என்றேன். அது என் செலவு என்றும் சொன்னேன். பாக்கியோடு இதைச் சேர்க்கவில்லை. பணம் வந்தால்தான் சட்டம் போட்ட படம் என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 9 அன்று 25,000 வந்தது. மீதியை டிசம்பர் 2 ஆம் தேதிக்குள் தருவதாக அவரே ஒரு வரி எழுதி அனுப்பினார். அந்தத் தேதியில் 28,000 வந்தது, ஷீட்டுக்கான 3,000 உட்பட. இரண்டு முறையும் அன்றே ரசீது எழுதி அனுப்பினேன். இரண்டாவது ரசீதில் “இத்துடன் கணக்கு முழுமையாகத் தீர்ந்தது” என்று சேர்த்தேன்.

அதற்குப் பிறகு என் பேக்கேஜ் தாளில் நான்கு மாற்றங்கள் செய்திருக்கிறேன். டிசைனுக்கு ஒப்புதல் தந்து அச்சுக்குப் போகும் முன் மீதியில் பெரும்பகுதியை வாங்கிவிடுகிறேன். ஒப்படைக்கும்போது 10,000 மட்டும் மிச்சம் இருக்கும், அதை எந்தக் கூடத்தில் உட்கார்ந்தும் கேட்க வேண்டிய நெருக்கடி எனக்கு இல்லை. “கூடுதல் ஷீட், ஒவ்வோர் ஆல்பத்துக்கும் தனித்தனியாக, ஒன்றுக்கு ரூ. 500” என்று அந்த வரியைத் திருத்தி எழுதினேன். பேக்கேஜில் இல்லாத எந்த நிகழ்ச்சிக்கும், அழைப்பு வந்த அன்றே தொகையைச் செய்தியில் எழுதிப் பதில் வாங்கிய பிறகுதான் ஆள் போகிறான். ஆல்பப் பெட்டியோடு, என்னென்ன எத்தனை என்று எழுதிய ஒப்படைப்புச் சீட்டு ஒன்று போகிறது. யார் வாங்கினாலும் பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள்.

சட்டம் போட்ட அந்தப் படத்தை, கடைசித் தொகை வருவதற்கு முன்பே, நவம்பர் கடைசி வாரத்தில் பெரியவர் வீட்டில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது அந்தப் புதிய சீட்டு அச்சாகி வந்திருந்தது. அதில் முதல் கையெழுத்து அவருடையதுதான்.